ஆய்த எழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்பு பார்ப்பவர்களும், தமிழை ஓரளவு கற்ற பிறகு இலக்கணத்துக்குள் நுழைபவர்களும் ஆய்தத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. எளிய கேள்விகள் முதலில். கடைசி மூன்று நான்கும் கொஞ்சம் பொறுமை கேட்கும்.

ஃ உயிரெழுத்தா, மெய்யெழுத்தா? பள்ளியில் "தனி எழுத்து" என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

இரண்டும் இல்லை. இலக்கண நூல்கள் அதைச் சார்பெழுத்து என்கின்றன. தொல்காப்பியம் அகரம் முதல் னகரம் வரை முப்பது எழுத்தைத் தனியே எண்ணிவிட்டு, பிற எழுத்தைச் சார்ந்து வரும் மூன்றை அடுத்துச் சொல்கிறது: குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம். நன்னூல் சார்பெழுத்தைப் பத்தாக விரித்தாலும் ஆய்தம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

"தனி எழுத்து" என்பதும் பிழையில்லை. தனிநிலை என்பது ஆய்தத்துக்குப் பழைய பெயர்களில் ஒன்று. உயிரோடும் மெய்யோடும் சேராமல் தனியே நிற்பது என்பது பொருள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம், ஆக 247 என்று சிறுவயதில் ஒப்பித்தோமே, அந்தக் கடைசி ஒன்று இதுதான். ஆனால் தனிநிலை என்றால் தனியே ஒலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆய்த எழுத்தா, ஆயுத எழுத்தா?

ஆய்தம். ஆயுதம் வேறு சொல். பேச்சில் "ஆயுத எழுத்து" பரவலாகப் புழங்குகிறது, அச்சில் திருத்திவிடுங்கள். ஆய்தல் என்பதற்கு நுணுகுதல் என்று ஒரு பொருள் தொல்காப்பிய உரியியலில் உண்டு. நுணுகிய ஓசை என்ற விளக்கம் அங்கிருந்து வருகிறது. அஃகேனம், முப்பாற்புள்ளி என்பனவும் இதே எழுத்தின் பெயர்கள்தாம்.

சரி, இதை எப்படித்தான் உச்சரிப்பது? "அக்" என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்?

"அக்" என்பது அரிச்சுவடியில் எழுத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு வழி, அவ்வளவுதான். ஆய்தத்தைத் தனியே ஒலிக்க முடியாது. முன்னால் ஒரு குறில் வேண்டும். அதனால் அகரத்தை முன்னால் வைத்துப் பழக்கினார்கள். நாளடைவில் அந்தக் க் ஒலியையே ஆய்தத்தின் ஒலி என்று நினைத்துக்கொண்டு அஃதை "அக்து" என்றும் எஃகை "எக்கு" என்றும் படிக்கத் தொடங்கிவிட்டோம்.

நன்னூல் சொல்வதைப் பார்த்தால் க் பொருந்தாது. ஆய்தத்துக்கு இடம் தலை, முயற்சி அங்காத்தல், அதாவது வாயைத் திறத்தல் என்கிறது அது. க் சொல்லும்போது நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டி மூச்சை அடைக்கிறது. ஆய்தத்துக்கு அடைப்பே இல்லை, திறப்புதான். திறந்த வாய் வழியே மூச்சு உரசிக்கொண்டு போகும் ஓசை அது. இன்றைய ஒலியியலில் இதை உரசொலி என்பார்கள்.

பழகிப் பார்க்க: "அ" என்று தொடங்குங்கள். குரலை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் ஒரு நொடியின் சிறு பகுதி வெளியே விடுங்கள். அதே மூச்சில் "து" சொல்லுங்கள். அஹ்து என்பதற்கு நெருக்கமாக வரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் அகரத்துக்கும் துவுக்கும் இடையில் காற்று தொடர்ந்து படவேண்டும். காற்று நின்று, பிறகு வெடித்து வந்தால் நீங்கள் க் சொல்கிறீர்கள்.

எல்லாச் சொல்லிலும் ஒரே ஒலிதானா? எஃகு சொல்லும்போது வேறு மாதிரி வருகிறதே.

வரும், வரட்டும். சார்பெழுத்துகள் தாம் சார்ந்த எழுத்தின் பிறப்பிடத்தோடு பொருந்தி ஒலிக்கும் என்பது தொல்காப்பியத்தின் கருத்து. எஃகில் அடுத்து வருவது ககரம். நாக்கின் பின்பகுதி அதற்காக முன்கூட்டியே எழும்பத் தொடங்குகிறது, உரசல் தொண்டைக்குக் கொஞ்சம் மேலே கேட்கிறது. அஃதில் நாக்கு நுனி பல்லை நோக்கிப் போவதால் உரசல் மெலிதாக இருக்கும். மாறாமல் இருக்க வேண்டியது ஒன்றுதான்: மூச்சு அடைபடக் கூடாது.

அளவைப் பொறுத்தவரை அரை மாத்திரை, மெய்யெழுத்துக்கு உள்ள அளவுதான். இழுத்து ஓதத் தேவையில்லை. இதிலும் பாதியாகக் குறுகும் இடம் ஒன்று உண்டு, கீழே வருகிறது.

வடமொழி விசர்க்கமும் ஆய்தமும் ஒன்றா?

ஓசையில் நெருக்கம் உண்டு, நடத்தையில் இல்லை. விசர்க்கம், அதாவது வடமொழியில் உயிரை அடுத்து வரும் மூச்சொலி, சொல்லின் கடைசியில் தாராளமாக நிற்கும், நெட்டுயிருக்குப் பின்னும் வரும். ஆய்தம் இரண்டையும் செய்யாது. இந்தக் கேள்வி அடிக்கடி வருவதற்குக் கணினியும் ஒரு காரணம். ஒருங்குறியில் ஃ இருக்கும் இடத்தின் பெயர் `TAMIL SIGN VISARGA`. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே வரிசையில் இடம் ஒதுக்கியபோது மற்ற மொழிகளில் விசர்க்கம் இருந்த கட்டத்தில் ஆய்தத்தை வைத்தார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது. `aytham` என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது. பெயரை வைத்து இலக்கணம் பேச வேண்டாம்.

வரலாற்றுப் பக்கம் போனால், ஆய்தம் இரவல் அல்ல என்று கருத வலுவான காரணம் இருக்கிறது. அஃது, பஃது போன்ற வடிவங்களைச் சான்றாக வைத்து, மூலத் திராவிட மொழியிலேயே குரல்வளை உரசொலி ஒன்று இருந்தது என்று மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி வாதிட்டார். மற்ற மொழிகளில் அது மறைந்தோ வேறு ஒலியாக மாறியோ போக, பழந்தமிழில் ஆய்தமாகத் தங்கிவிட்டது என்பது அவர் முடிவு.

ஒரு சொல்லில் ஃ எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது?

தொல்காப்பியம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது: "குறியதன் முன்னர் ஆய்தப் புள்ளி, உயிரொடு புணர்ந்தவல் லாறன் மிசைத்தே." இங்கே "முன்னர்" என்பதை இன்றைய பொருளில் படித்துவிடாதீர்கள். குறிலை அடுத்து, வல்லின உயிர்மெய்க்கு முன் என்று கொள்ள வேண்டும். ஆக இடப்பக்கம் குற்றெழுத்து, வலப்பக்கம் உயிரேறிய வல்லினம், நடுவில் ஆய்தம். எஃகு, கஃசு, அஃது, அஃறிணை, வெஃகாமை என்று எதை எடுத்தாலும் இந்தச் சட்டத்துக்குள் நிற்கும். கஃசு என்பது கால் பலம். பலம் அளவுள்ள புழுதி கஃசாகும்படி காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்கிற 1037ஆம் குறளில் அதைப் பார்க்கலாம்.

சொல்லின் முதலிலும் கடைசியிலும் ஆய்தம் வராது. நெடிலுக்குப் பின் வராது. மெல்லினம், இடையினத்துக்கு முன் வராது. இன்னொன்று, எஃகு, அஃது போன்றவற்றின் கடைசி உகரம் குற்றியலுகரம். இந்த வகைக்கு ஆய்தத் தொடர்க் குற்றியலுகரம் என்று பெயர். அடுத்து உயிர் வந்தால் அந்த உகரம் விலகி, அஃது + ஒருவன் என்பது அஃதொருவன் ஆகும். பின்னால் இது பயன்படும்.

அப்படியானால் ஃபைல், ஆஃபர் எல்லாம் பிழையா? முதலிலும் நெடிலுக்குப் பின்னும் வருகிறதே.

மேலே சொன்ன விதியை வைத்துப் பார்த்தால் இரண்டும் விதிமீறல்தான். ஆனால் அங்கே நிற்பது அந்த ஆய்தமே அல்ல என்பது என் கருத்து. புள்ளி மூன்று, வடிவம் ஒன்று, வேலை வேறு.

அஃதை அசை பிரித்தால் அஃ, து என்று வரும். ஆய்தம் முன்னால் உள்ள அகரத்தோடு ஒட்டி அந்த அசையை மூடுகிறது. ஃபைலில் அப்படி எதையும் மூடவில்லை. ஃ, ப் இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி: மேற்பல் கீழுதட்டைத் தொட மூச்சு உரசிப் போகும் ஒலி. அதாவது இங்கே ஃ என்பது "அடுத்து வரும் பகரத்தை அடைக்காமல் உரசிச் சொல்" என்று காட்டும் குறி. உரசொலி எழுத்தை உரசலுக்குக் குறியாக எடுத்துக்கொண்டது பொருத்தமான தேர்வுதான். பழஞ்சொற்களில் ஃ-க்குப் பின் பகரம் வருவதைக் காண்பதே அரிது, அதனால் இரண்டும் மோதிக்கொள்வதும் இல்லை. இன்று கண்ணில் படும் ஃ-க்களில் பெரும்பாலானவை பகரத்தின் முன்னால்தான் நிற்கின்றன.

எனவே ஃபைலைப் பார்த்து "ஆய்தம் மொழிமுதலில் வராது" என்று வெட்டுவதும், ஃபைலைக் காட்டி "அந்த விதி காலாவதி" என்று சொல்வதும் ஒரே குழப்பத்தின் இரு முனைகள்.

எந்தக் கடன்சொல்லுக்கு ஃப போடுவது, எதற்கு வெறும் ப போதும்?

ஏற்கெனவே பகரத்தோடு தமிழில் ஊறிவிட்ட சொல்லைத் தொடாதீர்கள். காபி, பிரெஞ்சு, ஆபீஸ் ஆகியவற்றைத் தமிழர்கள் பகரத்தோடே சொல்கிறார்கள். அவற்றுக்கு ஃ மாட்டுவது படிப்பவரின் நாக்குக்கு எதிராகப் போவது. புதிய பெயர்ச்சொற்களில், குறிப்பாக ஆட்பெயர், நிறுவனப் பெயர்களில், ஃப உதவும். ஒலிப்பில் ஐயம் வராது.

ஒரே கட்டுரையில் ஒரே சொல் இரண்டு வடிவில் வருவதுதான் உண்மையில் வாசகருக்குத் தொல்லை. பெரிய நூல் என்றால் தொடக்கத்திலேயே சொற்பட்டியல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஃஜ, ஃஸ என்று வேறு எழுத்துகளோடும் ஆய்தத்தைச் சேர்த்துச் சிலர் எழுதுகிறார்கள். ஃப அளவுக்கு அவை வேரூன்றவில்லை. விளக்கம் தராமல் எழுதினால் பலருக்கு எப்படிப் படிப்பது என்றே தெரியாது.

அது எப்போது, அஃது எப்போது?

அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அஃது, இஃது. மெய்யில், அதாவது உயிர்மெய்யில், தொடங்கினால் அது, இது. "அஃது இல்லை", "இஃது ஓர் எழுத்து" சரி. "அஃது போல", "இஃது மட்டும்" பிழை. அடுத்து உயிர் வரும்போது ஆய்தப்புள்ளி நிலைக்கும், மற்றவை வந்தால் நிலைக்காது என்று தொல்காப்பியமும் சொல்கிறது. அதுவும் அல்வழியில்தான். வேற்றுமை உருபு சேர்ந்தால் அதனை, அதற்கு, அதனால் என்றே வரும். அஃதனை, அஃதற்கு என்று எழுதுவது செந்தமிழ்போலத் தோற்றம் தரும் பிழை.

இது ஒரு, ஓர் விதியின் போக்கிலேயே போவதால் நினைவில் வைப்பது எளிது. ஒரு வேறுபாடு உண்டு. உயிருக்கு முன் "அது" வந்தால் இன்றைய உரைநடையில் அதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. "அது இல்லை" என்பதை "அஃது இல்லை" என்று திருத்தி ஓர் இயல்பான வாக்கியத்தை விறைப்பாக்க வேண்டாம். ஆனால் ஆசிரியர் அஃது என்று எழுதியிருந்தால், அதைச் சரியான இடத்தில் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பது மெய்ப்பு பார்ப்பவர் வேலை.

கோப்பு முழுக்க ஒரே தடவையில் தேட, regex தேடலை ஏற்கும் எந்தத் தொகுப்பானிலும் இதைப் போடலாம்:

```
[அஇ]ஃது\s+[க-ஹ]
```

அஃது அல்லது இஃது, பிறகு இடைவெளி, பிறகு மெய்வரிசை எழுத்து. கிடைக்கும் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியது. உடனே எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்திவிடாதீர்கள், மேற்கோள்கள் நடுவில் இருக்கலாம்.

அஃறிணையில் ஃ எங்கிருந்து வந்தது? அல் + திணை என்றால் ஆய்தம் எங்கும் இல்லையே.

புணர்ச்சியில் பிறந்தது. எஃகு, வெஃகு, அஃகு போன்றவற்றில் ஆய்தம் சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது. அஃறிணையில் அது லகரத்தின் மாற்றம். படிப்படியாகப் பார்க்கலாம். அல் என்பது தனிக்குறிலை அடுத்து லகரத்தில் முடிகிறது. திணை தகரத்தில் தொடங்குகிறது. லகரத்தின் பின் வரும் தகரம் றகரமாகிவிடும்: திணை, றிணை. இப்போது லகரத்துக்கு இரண்டு வழி. றகரமாகலாம், அல்லது ஆய்தமாகலாம். இங்கே ஆய்தமாகி அஃறிணை ஆயிற்று. பல் + துளி பஃறுளி ஆனதும், பல் + தொடை பஃறொடை ஆனதும் இப்படித்தான்.

இரண்டு வழியும் திறந்திருப்பதைக் கல் + தீது என்ற எடுத்துக்காட்டில் காணலாம். கற்றீது என்றும் வரும், கஃறீது என்றும் வரும். ளகரமும் இப்படியே: முள் + தீது என்பது முட்டீது, முஃடீது. தனிக்குறில் இல்லாவிட்டால் ஆய்தத்துக்கு இடமில்லை. வேல் + தீது வேறீதுதான். முன்னே சொன்ன "குறிலை அடுத்து" என்ற விதியைப் புணர்ச்சியும் மீறுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

எழுத்துப்பிழை அதிகம் நேர்வதும் இந்த வகையில்தான். அஃரிணை, அக்றிணை இரண்டையும் அச்சில் பார்க்கலாம். ஃ-க்குப் பின் வல்லினம் மட்டுமே வரும் என்பது மனதில் இருந்தால் ரகரம் தன்னால் விலகிவிடும்.

ஆய்தக் குறுக்கம் என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

இப்போது பார்த்த புணர்ச்சி ஆய்தம்தான். லகர, ளகரத்தின் திரிபாக வந்த ஆய்தம் தன் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறுகும் என்கிறது நன்னூல். கஃறீது, முஃடீது வழக்கமான எடுத்துக்காட்டுகள். எழுதும் முறையில் மாற்றம் இல்லை, ஃ ஃ-தான். காதால் அரைக்கும் காலுக்கும் வேறுபாடு காண்பது கடினம். தேர்வில் கேட்டால் எழுதுங்கள், மற்றபடி இது உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

பழைய பதிப்பு ஒன்றில் "எஃஃகு" என்று இரண்டு ஆய்தம் இருந்தது. ஒன்றை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். ஒற்றளபெடை அது. செய்யுளில் ஓசை குறையும்போது ஒற்றெழுத்தை நீட்டிக்கொள்ளலாம். நீண்டதற்கு அடையாளமாக அதே எழுத்தை மறுபடி எழுதுவது வழக்கம். நீளக்கூடிய ஒற்றுகளாக நன்னூல் ங ஞ ண ந ம ன வ ய ல ள என்னும் பத்தோடு ஆய்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது. "வெஃஃகுவார்க் கில்லை வீடு" என்பது இலக்கண உரைகளில் பழகிப்போன எடுத்துக்காட்டு. உரைநடையில் ஃஃ வந்தால் அது தட்டச்சுப் பிழை. செய்யுளில் வந்தால் முதலில் தளையை, அதாவது சீரும் சீரும் இணையும் முறையை, பாருங்கள்.

கணினியில் ஃ சில இடங்களில் வட்டத்தோடு தெரிகிறது, தேடினால் கிடைப்பதில்லை, அகரவரிசையும் குழம்புகிறது. என்ன செய்வது?

மூன்றும் தனித்தனிச் சிக்கல். புள்ளி வட்டம் வருவது எழுத்துருவோ செயலியோ ஃ-வை முன்னெழுத்தோடு ஒட்ட வேண்டிய குறியாக எண்ணுவதால். ஃபைல் போன்று ஃ முதலில் நிற்கும் சொற்களில் இது வெளிப்படும். உரையில் பிழை இல்லை, எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.

தேடல் தவறுவது பெரும்பாலும் உருவ ஒற்றுமையால். கணக்கில் "ஆகவே" என்பதற்கு வரும் ∴ குறியும் ஃ-வும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பழைய அச்சை எழுத்துணரியில் போட்டு எடுத்த கோப்புகளில் அ∴து, அ:து இரண்டையும் பார்க்கலாம். கண்ணுக்கு அஃது, கணினிக்கு வேறு. சரியான அஃது இப்படி இருக்கவேண்டும்:

```
அ U+0B85   ஃ U+0B83   த U+0BA4   ு U+0BC1
```

அகரவரிசைச் சிக்கலும் இதே எண்ணிலிருந்துதான். மரபில் ஆய்தத்தின் இடம் ஔகாரத்துக்குப் பின், ககரத்துக்கு முன். ஒருங்குறியிலோ அது அகரத்துக்கும் முன்னால் இருக்கிறது. குறியெண் வரிசையை மட்டும் நம்பி அடுக்கும் நிரலில், ஃ முதலில் வரும் கடன்சொற்கள் எல்லாம் பொருளடைவின் தலையில் போய் உட்காரும். அவற்றை ஔவுக்குப் பின் நகர்த்துங்கள். சொல்லின் நடுவில் வரும் ஃ-வால் தொல்லையில்லை. அஃது, அகம் இரண்டில் அஃது முதலில் வருவது மரபுக்கும் சரி, எண்ணுக்கும் சரி.

யாப்பில் ஆய்தத்தை எப்படி எண்ணுவது? ஒற்று என்று வைத்தால் சில குறள்களில் தளை தட்டுகிறதே.

தட்டும். அதைக் கண்டுபிடித்திருந்தால் நீங்கள் ஒழுங்காக அலகிட்டிருக்கிறீர்கள். பொதுவாக ஆய்தம் ஒற்றாகத்தான் நிற்கும், அலகு பெறாது. 49ஆம் குறளில் "அறனெனப் பட்டதே இல்வாழ்க்கை அஃதும்" என்ற அடியைப் பாருங்கள். இல்வாழ்க்கை காய்ச்சீர், அடுத்து நேர் வரவேண்டும். அஃ என்பதைக் குறிலும் ஒற்றுமாக எடுத்தால் நேர். அஃதும் தேமா. அதன்பின் "பிறன்" நிரையில் தொடங்குகிறது. மாமுன் நிரை, எல்லாம் சரி. இங்கே ஆய்தத்துக்கு அலகு கொடுத்தால் அஃ நிரையாகி, காய்முன் நிரை வந்து வெண்டளை கெடும்.

இப்போது 943. "அற்றால் அளவறிந் துண்க அஃதுடம்பு." துண்க என்பது துண், க: நேர்நேர், தேமா. மாமுன் நிரை வந்தாக வேண்டும். ஆனால் அஃதுடம்பு அஃ, துடம், பு என்று பிரிந்து நேரில் தொடங்குகிறது. தளை தட்டுகிறது. ஆய்தத்தை ஒற்றாக அல்லாமல் குறில்போல் எண்ணிப் பாருங்கள். அகரமும் ஆய்தமும் இரண்டு குறில்போலச் சேர்ந்து நிரையாகும். நிரை, நிரை, நேர், அதாவது கருவிளங்காய். முன்னால் தளை பொருந்துகிறது. பின்னால் "பெற்றான்" நேரில் தொடங்குவதால் அங்கும் பொருந்துகிறது.

ஒரு குறளை வைத்து மட்டும் இதைச் சொன்னால் பாடபேதம் என்று தள்ளிவிடலாம். 414-இலும் அதே அமைப்பு: "கற்றில னாயினுங் கேட்க அஃதொருவற்." கேட்க தேமா, அடுத்து அஃ. ஒற்றாக எண்ணினால் தட்டும், குறில்போல் எண்ணினால் கருவிளங்காயாகி அடுத்த அடியின் "கொற்கத்தின்" வரை ஒழுங்காகப் போகும். அதே அஃதொருவன் 38-இலும் 220-இலும் வருகிறது. அங்கெல்லாம் ஆய்தம் ஒற்றாகவே நின்று தளை பொருந்துகிறது, ஏனென்றால் முன்னால் நிற்பவை நன்றாற்றின் என்ற காய்ச்சீரும் கேடெனின் என்ற விளச்சீரும். ஆக ஒரே சொல், இடத்துக்கு ஏற்ப ஆய்தத்தின் அலகு மாறுகிறது. ஆய்தம் ஒற்றாகவும் நிற்கும், ஒரோவழி உயிர்போல் அலகும் பெறும் என்று கொண்டால்தான் இந்தக் குறள்கள் எல்லாம் வெண்பாவாக நிற்கும்.

முதல் கேள்விக்குச் சொன்ன "இரண்டும் இல்லை" என்பதன் பொருளை இங்கே காதால் கேட்கலாம். மூச்சு அடைபடாத ஒலி என்பதால் மெய்போல் சட்டென்று மூடவும் முடிகிறது, உயிர்போல் ஒரு நொடி தங்கவும் முடிகிறது. க் என்று உச்சரித்தால் அந்தத் தங்கல் கிடைக்காது. "உண்க அக்துடம்பு" என்று படித்தால் ஓசை முட்டுவது உடனே தெரியும்.

அப்படியானால் தளை தட்டும் இடத்தில் "அதுவுடம்பு" என்று மாற்றிவிட்டால் என்ன? அலகும் சரியாக வருகிறது.

அது, வுடம், பு: நிரை, நிரை, நேர். உண்மைதான், பொருந்துகிறது. எளிதாகப் படிக்கவும் வரும். ஆனால் வழங்கும் பாடம் அஃதுடம்பு. ஓசை பொருந்தாத பாடத்தை எளிமைப்படுத்துவது பதிப்பு வேலை அல்ல. இங்கே பாடத்தில் குறையும் இல்லை, ஆய்தத்துக்கு அலகு கொடுத்தால் போதும். மாணவர்களுக்கான பதிப்பு என்றால் அலகிட்டுக் காட்டும் அடிக்குறிப்பு ஒன்று சேருங்கள்: "ஆய்தம் இங்கே குறில்போல் அலகு பெற்றது." சீர் பிரித்து அச்சிடும்போது "உண்க அஃது உடம்பு" என்று மூன்றாக உடைக்காமல் அஃதுடம்பு என்பதை ஒரே சீராக விடுங்கள். உடைத்தால் அடியில் ஒரு சீர் கூடிவிடும், படிப்பவர் ஐந்து சீர் எண்ணிவிட்டு உங்களுக்கே கடிதம் எழுதுவார்.